பழைய செம்பு யாருக்கு?

போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டால், பட்டறையில் “காயில் கட்ட 9,000 ரூபாய்” என்று ஒரே வரியில் எழுதித் தருவார்கள். அதை கொட்டேஷன் என்று சொல்லவே முடியாது. எதற்கு எவ்வளவு என்பது அதில் இல்லை.

பிரித்து எழுதினால் எப்படி இருக்கும்? உதாரணமாக, செம்புக் கம்பி 4 கிலோ, கிலோ 1,200 வீதம் 4,800 ரூபாய். புஷ், சீல் 1,200. கட்டுகூலி 2,000. மோட்டாரை மேலே தூக்கித் திரும்ப இறக்க 3,000. மொத்தம் 11,000. முதல் தாளை விட அதிகம் போலத் தெரியும். ஆனால் அந்த 9,000-இல் தூக்கி இறக்கும் கூலி சேரவில்லை என்றால், கடைசியில் 12,000 ஆகிவிடும்.

பலரும் கேட்கத் தவறுவது பழைய கம்பியைத்தான். எரிந்துபோனாலும் செம்பு செம்புதான். பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு. அதைப் பட்டறையே எடுத்துக்கொண்டால், அதன் மதிப்பைக் கழித்துக் காட்ட வேண்டும். புதுக் கம்பியையும் கட்டுவதற்கு முன்பே தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. தாளில் “செம்பு” என்ற சொல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அலுமினியக் கம்பி விலை குறைவு, அதே தடிமனில் சூடாவதோ அதிகம்.

செம்பு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவதால், “7 நாள் வரை செல்லும்” என்று பட்டறைக்காரர் எழுதுவது நியாயமே. எட்டாம் நாள் போனால், கம்பியின் விலை மட்டும்தான் மாற வேண்டும்; கூலி அல்ல.