திசைவேகப் புலத்திலிருந்து சறுக்குத் தகைவு வரை

ஓடும் திரவத்தில் ஒரு மிகச் சிறிய சதுரத் துண்டைக் கற்பனையாகக் குறித்துக்கொண்டால், அடுத்த கணத்தில் அது நகர்ந்திருக்கும். நகர்வதோடு அது நீளலாம், சுழலலாம், சாய்ந்து சாய்சதுரம்போல் கோணலாகவும் ஆகலாம். திரவத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று உரசி இழுக்கும் விசை, அதாவது சறுக்குத் தகைவு, இந்தக் கோணலால் மட்டுமே எழுகிறது. ஆகவே தகைவைக் கணக்கிட விரும்புபவர் முதலில் கோணலைச் சுழற்சியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

x திசையில் வேகம் u, y திசையில் v என்று கொள்வோம். சதுரத்தின் கீழ்ப்பக்கம் x அச்சின்மேல் கிடக்கிறது. அதன் வலது முனை இடது முனையைவிட வேகமாக மேலே ஏறினால் அந்தப் பக்கம் இடஞ்சுழியாகத் திரும்பும். திரும்பும் வேகம் ∂v/∂x. இடப்பக்கத்தின் மேல்முனை கீழ்முனையைவிட வேகமாக வலப்புறம் சென்றால் அந்தப் பக்கம் வலஞ்சுழியாகச் சாயும். அதன் வேகம் ∂u/∂y. இரண்டு பக்கங்களும் ஒன்றை நோக்கி ஒன்று வருவதால், நடுவிலிருந்த செங்கோணம் குறையும் வீதம் இவ்விரண்டின் கூட்டுத்தொகை:

γ̇ = ∂u/∂y + ∂v/∂x

இதுவே கோண உருமாற்ற வீதம். துண்டு சராசரியாகச் சுழலும் வேகமோ கழித்தலில் கிடைக்கிறது: ½(∂v/∂x − ∂u/∂y). பக்கங்கள் நீளும் வீதங்களான ∂u/∂x, ∂v/∂y ஆகியவை தனிக் கணக்கு. இருபரிமாண ஓட்டத்தில் அடர்த்தி மாறாத திரவத்துக்கு அவற்றின் கூட்டுத்தொகை சுழியம். சில நூல்கள் γ̇-இன் பாதியைத் திரிபு வீதம் என்று குறிக்கும். எந்த வழக்கம் என்று பார்க்காமல் எண்ணை எடுத்துக்கொண்டால் விடை சரியாக இரண்டு மடங்கு பிசகும்.

நியூட்டனின் விதிக்கு உட்பட்ட திரவத்தில் தகைவு இந்த வீதத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்: τ = μγ̇. இங்கே μ என்பது பாகியல் எண்.

இரண்டு இணைத் தகடுகளுக்கு இடையில் 10 மி.மீ. இடைவெளியில் கிளிசரின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து தகடு வரை h = 0.005 மீ.; நடுவில் உச்ச வேகம் நொடிக்கு 0.2 மீ. தகட்டை ஒட்டிய திரவம் நகராது. இந்த ஓட்டத்தின் புலம்:

u = 0.2(1 − y²/h²), v = 0

v இல்லாததால் γ̇ = ∂u/∂y = −0.4y/h². நடுவில் y = 0; அங்கே வேகம் உச்சம், ஆனால் உருமாற்றம் இல்லை. மேல் தகட்டில் y = h; அங்கே திரவம் நிற்கிறது, உருமாற்றமோ நொடிக்கு −80. கிளிசரினின் பாகியல் எண் அறை வெப்பநிலையில் சுமார் 1.4 பாஸ்கல் நொடி. எனவே தகட்டில் தகைவின் அளவு 112 பாஸ்கல். தகடு திரவத்தைப் பின்னுக்கு இழுக்கிறது என்பதையே கழித்தல் குறி சொல்கிறது. விடையைச் சரிபார்க்கவும் வழி உண்டு. இந்த ஓட்டத்தை நடத்தும் அழுத்தச் சரிவு 2μ × 0.2/h², அதாவது மீட்டருக்கு 22,400 பாஸ்கல். அதை h-ஆல் பெருக்கினாலும் 112 பாஸ்கலே வர வேண்டும், வருகிறது.

இந்த எளிய ஓட்டம் ஒரு தவறான பழக்கத்தையும் விதைத்துவிடுகிறது: ∂u/∂y ஒன்றே போதும் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். சீராகச் சுழலும் பாத்திரத்தில், நீரும் பாத்திரத்தோடு ஒரே உடலாகச் சுழலும் நிலையைப் பார்க்கலாம். அங்கே u = −Ωy, v = Ωx. ∂u/∂y மட்டும் பார்த்தால் −Ω. தகைவு இருப்பதுபோல் தோன்றும். ∂v/∂x = +Ω என்பதையும் சேர்த்தால் கூட்டுத்தொகை சுழியம். துண்டு சுழல்கிறது, ஆனால் கோணலாகவில்லை; தகைவும் இல்லை.

இதற்கு நேர்மாறானது கட்டற்ற சுழி. அதில் மையத்திலிருந்து விலக விலக வேகம் K/r என்று குறையும்: u = −Ky/r², v = Kx/r². x அச்சின்மேல் உள்ள ஒரு புள்ளியில் இரண்டு வகைக்கெழுக்களுமே −K/r². கழித்தால் சுழியம், கூட்டினால் −2K/r². திரவம் வட்டமாகச் சுற்றி வந்தாலும் அதன் துண்டு தன்னளவில் சுழல்வதில்லை. இடைவிடாமல் கோணலாகிக்கொண்டே இருக்கிறது. K = 0.01 மீ²/நொடி, r = 0.1 மீ. என்றால் வீதத்தின் அளவு நொடிக்கு 2. நீரின் பாகியல் எண் சுமார் 0.001 பாஸ்கல் நொடி என்பதால் தகைவு 0.002 பாஸ்கல். மிகச் சிறியதுதான், ஆனால் சுழியம் அல்ல. பாதையின் வளைவை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை எவராலும் கண்டுகொள்ள முடியாது.

உருமாற்ற வீதத்தைக் காணும் முறை எந்தப் பாய்மத்துக்கும் பொருந்தும். அது வெறும் வடிவியல். கடைசிப் படிதான் பாய்மத்தைப் பொறுத்தது. பெயின்ட், இரத்தம், பற்பசை போன்றவற்றில் μ நிலையான எண் அல்ல; உருமாற்ற வீதத்தோடு சேர்ந்து அதுவும் மாறும். கொந்தளிப்பான ஓட்டத்தில் சராசரி வேகத்தை மட்டும் வகையிட்டு μ-ஆல் பெருக்கினால், சுவரிலிருந்து தள்ளியுள்ள இடங்களில் தகைவு மிகக் குறைவாகவே கிடைக்கும். சுழல்கள் வழியே உந்தம் கடத்தப்படுவது அந்தக் கணக்கில் சேராததே காரணம்.