ஒன்றரையின் அடுக்குகள்

சின்னக்கானலை ஒட்டி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஆனையிறங்கல் அணை இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதன் நீர்மட்டம் தொடும் உச்சத்தை வருடவாரியாக எழுதிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலின் மிகப் பெரிய எண் 2018 ஆகஸ்ட் வெள்ளம் போன்ற ஒரே ஒரு வருடத்தால் வந்ததாக இருக்கலாம். அப்படி ஒரு மழை இனி வராமலே போனாலும் அந்த எண் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். மதகை இயக்குபவருக்கு வேண்டியது வேறு எண். இனிமேலும் திரும்பத் திரும்ப நீர் எந்த மட்டத்தை எட்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. முதல் எண்ணுக்குக் கணிதத்தில் மீச்சிறு மேல்வரம்பு, சுருக்கமாக சுப், என்று பெயர். இரண்டாவது எண்தான் லிம்சுப். (அணைப் பதிவேடு என்றாவது ஒருநாள் முடிந்துவிடும் என்பதால் கறாராகப் பார்த்தால் அதற்கு லிம்சுப் கிடையாது. முடிவில்லாத தொடர்வரிசைக்குத்தான் அது உண்டு.)

வரையறை இது. x₁, x₂, x₃, … வரம்புள்ள தொடர்வரிசை. முதல் N−1 உறுப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமுள்ள வாலின் மீச்சிறு மேல்வரம்பை U_N என்போம். N ஏற ஏற வால் குறுகும். எனவே U_N ஏறாது, இறங்கும் அல்லது அப்படியே நிற்கும். வரிசை கீழேயும் வரம்புள்ளது என்பதால் U_N ஓர் எண்ணை நோக்கிக் குவிந்தே ஆகவேண்டும். அந்த எண் u, அதாவது லிம்சுப். இதேபோல் வாலின் மீப்பெரு கீழ்வரம்புகள் ஏறிச் சென்று குவியும் எண் l, லிம்இன்ஃப். தொடர்வரிசை குவியாமல் அலைந்தாலும் இந்த இரண்டும் எப்போதும் உண்டு. இரண்டும் சமமானால், அப்போது மட்டுமே, தொடர்வரிசை குவிகிறது.

கையில் வைத்துக்கொள்ள வசதியான வடிவம் இன்னொன்று. எவ்வளவு சிறிய ε எடுத்தாலும், முடிவுள்ள சில உறுப்புகளைத் தவிர மற்றவையெல்லாம் u+ε-க்குக் கீழே இருக்கும். u−ε-க்கு மேலேயோ எண்ணற்ற உறுப்புகள் இருக்கும். தேர்வில் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம். முதல் பாதி u-வைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் பொருந்தும். u-வைப் பிடித்து நிறுத்துவது இரண்டாம் பாதி.

பாடநூல்கள் (−1)ⁿ என்ற எடுத்துக்காட்டோடு நின்றுவிடுகின்றன. அதில் விடை கண்ணுக்கு முன்னாலேயே இருப்பதால் கருவியின் வேலை தெரிவதில்லை. தமிழ்நாட்டுக் கணிதவியலர் ஒருவர் கையில் எடுத்த தொடர்வரிசை இதைவிட நல்லது. தி. விஜயராகவன் (1902–1955) ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் பயின்றவர். அழகப்பச் செட்டியார் சென்னையில் நிறுவிய இராமானுஜன் கணித நிலையத்தின் முதல் இயக்குநர். ஒன்றரையின் அடுக்குகளில் முழு எண்ணைக் கழித்தபின் மிஞ்சும் பின்னப்பகுதியை அவர் ஆராய்ந்தார். (3/2)ⁿ-இன் பின்னப்பகுதியை xₙ என்போம். முதல் சில உறுப்புகள்:

0.5, 0.25, 0.375, 0.0625, 0.59375, 0.390625, 0.0859…, 0.6289…, 0.4433…, 0.6650…

பதினான்காவது உறுப்பு 0.9292…. எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையில் இருப்பதால் u, l இரண்டும் உண்டு என்பதில் ஐயமில்லை. அவற்றின் மதிப்பு என்ன? u = 1, l = 0 என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். யாரும் நிறுவவில்லை. கணினியில் கோடி உறுப்புகள் போட்டுப் பார்த்தாலும் பயனில்லை; அந்தக் கோடியையும் தூக்கி எறிந்தபின் மிஞ்சும் வாலைத்தான் லிம்சுப் பார்க்கிறது.

ஆனாலும் u-வும் l-உம் ஒன்றையொன்று நெருங்கிவிட முடியாது என்பதைத் தாளில் பத்து வரியில் நிறுவலாம். (3/2)ⁿ-இன் முழு எண் பகுதியை aₙ என்போம். அடுத்த அடுக்கின் இருமடங்கு இந்த அடுக்கின் மும்மடங்கு ஆகையால்,

2(aₙ₊₁ + xₙ₊₁) = 3(aₙ + xₙ).

முழு எண்களை ஒருபக்கம் ஒதுக்கினால்,

2xₙ₊₁ − 3xₙ = 3aₙ − 2aₙ₊₁.

வலப்பக்கம் முழு எண். அதை sₙ என்போம். இந்தச் சமன்பாட்டில்தான் எல்லாமே இருக்கிறது: இடப்பக்கம் அலையும் பின்னங்கள், ஆனால் அவற்றின் இந்தச் சேர்க்கை எப்போதும் முழு எண்.

இப்போது sₙ-ஐ u, l கொண்டு அடைக்கலாம். −3xₙ-இன் லிம்சுப் −3u அல்ல, −3l. குறி மாறினால் லிம்சுப்பும் லிம்இன்ஃபும் இடம் மாறிக்கொள்ளும். மாணவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இது. எனவே sₙ-இன் லிம்சுப் 2u − 3l-ஐ மிஞ்சாது. லிம்இன்ஃப் 2l − 3u-க்குக் கீழே போகாது. ‘சமம்’ என்று எழுதக்கூடாது, ‘மிஞ்சாது’ என்றுதான் எழுதவேண்டும். ஒரு வரிசை உச்சத்தில் இருக்கும் அதே n-இல் மற்றதும் உச்சத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

ஆக, ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லா sₙ-உம் 2l − 3u − ε முதல் 2u − 3l + ε வரையுள்ள இடைவெளிக்குள் அடங்கும். ε-ஐ விட்டுவிட்டால் அந்த இடைவெளியின் நீளம் 5(u − l). u − l ஐந்தில் ஒன்றைவிடச் சிறியது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீளம் 1-ஐவிடக் குறைவு. ε-ஐச் சிறிதாக எடுத்தால் அப்போதும் குறைவுதான். அவ்வளவு குறுகிய இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முழு எண் நுழையாது. எனவே sₙ ஒரு கட்டத்துக்கு மேல் மாறாமல் s என்ற ஒரே எண்ணாக நின்றுவிடும்.

நின்றால் என்ன ஆகும்? xₙ + s என்பதை yₙ என்று எழுதிப் பாருங்கள். 2xₙ₊₁ = 3xₙ + s என்பது yₙ₊₁ = (3/2)yₙ என்று சுருங்கும். ஒவ்வொரு அடியிலும் ஒன்றரை மடங்கு. yₙ சுழியாக இல்லாவிட்டால் அது வரம்பில்லாமல் வளரும். 0-க்கும் 1-க்கும் இடையில் அடைபட்ட xₙ அப்படி வளர முடியாது. சுழியாக இருந்தால் xₙ = −s, ஒரு முழு எண். அதுவும் நடக்காது: 3ⁿ ஒற்றைப்படை, 2ⁿ-ஆல் மீதியின்றி வகுபடாது. இரண்டு வழியும் அடைபட்டதால், u − l ≥ 1/5.

இதிலிருந்து xₙ குவியாது என்பதும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. விஜயராகவன் 1940-இல் இதைவிட ஆழமாகச் சென்று, இந்தத் தொடர்வரிசைக்கு எண்ணற்ற எல்லைப்புள்ளிகள் உண்டு என்று நிறுவினார். கூடவே, u − l அரையைவிடப் பெரியதா என்பதுகூடத் தெரியவில்லை என்று குறிப்பிட்டார். 55 ஆண்டுகள் கழித்து, 1995-இல், ஃபிளாட்டோ, லகாரியாஸ், பாலிங்டன் மூவரும் ஐந்தில் ஒன்றை மூன்றில் ஒன்றாக உயர்த்தினார்கள்: u − l ≥ 1/3. மூன்றில் ஒன்றுக்கும் அரைக்கும் இடையில் ஆறில் ஒன்றுதான் வித்தியாசம். பார்க்கச் சிறியது, கடக்கக் கடினமானது.

மேலே செய்ததை 5/2-இன் அடுக்குகளுக்கு நீங்களே செய்து பாருங்கள். ஐந்தில் ஒன்றுக்குப் பதிலாக ஏழில் ஒன்று வரும். கடைசிப் படியில் மட்டும் கவனம் தேவை: அங்கே xₙ வந்து நிற்கும் புள்ளி −s அல்ல, −s/3. அது முழு எண்ணாக இருக்கவேண்டியதில்லை என்பதால் பழைய முரண்பாடு வேலை செய்யாது. xₙ-ஐ எளிய பின்னமாக எழுதினால் பகுதி 2ⁿ ஆக இருப்பதைக் கொண்டு வேறொரு முரண்பாட்டைக் கண்டுபிடியுங்கள்.