கை கால் ஏன் எப்போதும் சில்லென்று இருக்கிறது?

மே மாதப் புழுக்கத்திலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கணவர் மின்விசிறியை ஐந்தில் வைப்பார். சற்று நேரத்தில் மனைவி எழுந்து இரண்டுக்குக் குறைப்பார். கையைத் தொட்டால் பனிக்கட்டியாக இருக்கும். பெரியவர்கள் இதற்குக் ‘குளிர்ச்சி உடம்பு’ என்று பெயர் வைத்து மோரையும் இளநீரையும் நிறுத்திவிடுவார்கள். இல்லையென்றால் ‘ரத்த ஓட்டம் சரியில்லை’ என்று நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். ஆனால் இப்படி வருகிற பெண்களில் பலருக்கு ரத்தக் குழாய்களில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. காரணம் ரத்தத்திலோ கழுத்தில் இருக்கும் தைராய்டிலோ இருக்கலாம். பல நேரம் இரண்டிலும் சேர்ந்தே இருக்கும்.

உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றும் விதம் தெரிந்தால் இது எளிதாகப் புரியும். இதயம், மூளை, ஈரல் இருக்கும் உட்பகுதி எப்போதும் 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தாக வேண்டும். விரல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உள்ளே சூடு போதவில்லை என்று மூளை உணர்ந்தால், கை கால் தோலுக்குப் போகும் சிறு குழாய்களை நரம்புகள் வழியாகச் சுருக்கி, வெதுவெதுப்பான ரத்தத்தை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது. விரல் சில்லிட்டுப் போகிறது. குழாய் கெட்டுப்போனதால் அல்ல, நன்றாக வேலை செய்வதால்தான் பலருக்கு விரல் குளிர்கிறது. அந்த ‘சூடு போதவில்லை’ என்ற நிலை ஏன் வந்தது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே கை குளிர்ந்திருக்கும், ஒல்லியான உடல்வாகு, அம்மாவுக்கும் அப்படித்தான், வேறு எந்தத் தொல்லையும் இல்லை என்றால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் புதிதாக ஆரம்பித்திருந்தால் விஷயம் வேறு. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

முப்பத்தெட்டு வயதுப் பெண், பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடமாகக் கை கால் இரண்டும் சில்லென்று இருக்கின்றன. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முடி கொட்டுகிறது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு இரும்புச்சத்து டானிக் வாங்கிக் குடித்தார். இரண்டு மாதம் தெம்பாக இருந்தது. நிறுத்தியதும் பழைய கதைதான். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவர் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல், அதாவது 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

ரத்தசோகை ஏன் குளிரை உண்டாக்குகிறது? ஹீமோகுளோபின் குறைந்தால் ஆக்சிஜன் குறைவாகவே போய்ச் சேரும். இருப்பதை இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்க, தோலின் பங்கை உடம்பு குறைத்துவிடுகிறது. இது ஒரு பாதிதான். இரும்புச்சத்து சூடு உண்டாக்குவதற்கே தேவை என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் பியர்ட் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்து 1990-இல் வெளியிட்டது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்த பெண்களையும் ஆரோக்கியமான பெண்களையும் 28 டிகிரி நீரில் இருக்கச் செய்து பார்த்தார்கள். நம் ஊர்க் குளத்து நீரின் சூடுதான் அது, பெரிய குளிர் ஒன்றும் இல்லை. ஆனாலும் ரத்தசோகை உள்ளவர்களின் உடல்வெப்பம் மற்றவர்களைவிட அதிகமாக இறங்கியது. அவர்களின் தைராய்டு ஹார்மோன் அளவும் குறைவாக இருந்தது.

இங்கேதான் நம் ஆசிரியையின் கதைக்குத் திறவுகோல் இருக்கிறது. தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்கப் பயன்படுத்தும் முக்கியமான நொதிக்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் தைராய்டு தளர்கிறது. மறுபக்கம், தைராய்டு தளர்ந்த பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். அதனால் இரும்பு இன்னும் வெளியேறுகிறது. ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது அதைத் திரும்பக் கீழே இழுத்துவிடும். டானிக் குடித்ததும் தேறி, நிறுத்தியதும் மறுபடி விழுந்தது இதனால்தான்.

அவரிடம் மருத்துவர் முதலில் கேட்டது மாதவிடாயைப் பற்றி. ஏழெட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகப் படுகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது என்றார். யாரும் கேட்காததால் இதுவரை சொல்லவில்லை. அடுத்து, சாப்பாடு அப்படியே இருக்க எடை ஏறியதா, மலச்சிக்கல் உண்டா, தோல் வறண்டிருக்கிறதா, குரல் கரகரக்கிறதா என்ற கேள்விகள். மூன்றுக்கு ‘ஆமாம்’ என்றார். பிறகு மூன்று பரிசோதனைகள் எழுதப்பட்டன: முழு ரத்த அணுக்கள் பரிசோதனை, பெரிட்டின், டி.எஸ்.எச். இதில் பெரிட்டின்தான் பலர் விட்டுவிடுவது. உடம்பின் இரும்புக் கையிருப்பை அது காட்டும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டிருந்தாலும் கையிருப்பு வற்றியிருக்கலாம். பெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் சிகிச்சை தருவார்கள். காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் பெரிட்டின் பொய்யாக ஏறித் தெரியும், ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போது எடுப்பது நல்லது. ஆசிரியைக்குப் பெரிட்டின் 8. டி.எஸ்.எச். 14, பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் இதன் மேல் எல்லை 4 முதல் 5 வரைதான். தைராய்டு தளரும்போது அதைத் தட்டி எழுப்ப மூளை அதிகமாக அனுப்பும் ஹார்மோன் இது. அதனால்தான் தைராய்டு குறைந்தால் இந்த எண் ஏறுகிறது. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது தைராய்டு பரிசோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டும்.

சிகிச்சையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் இரும்பு மாத்திரையும் வயிற்றில் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் இரும்பு அதைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். ஆசிரியை காலை ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, ஆறரைக்கு மேல் காபி, பகல் பதினொன்றரைக்கு இரும்பு மாத்திரை என்று வைத்துக்கொண்டார். காபி, டீ குடித்த ஒரு மணி நேரத்துக்குள் இரும்பு மாத்திரை போட்டால் பாதி வீண். எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நல்லது. நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை, அல்லது ரத்தம் எங்கோ கசிகிறது, அல்லது நோய் வேறு. அளவு சரியானதும் நிறுத்திவிடக் கூடாது, கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். டி.எஸ்.எச்.-ஐ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் அது நிலைகொண்டிருக்காது.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு வந்தால் கதை வேறு. மாதாமாதம் இரும்பு வெளியேற வழி இல்லாதவர்களுக்கு அது குறைந்தால், இரைப்பையிலோ குடலிலோ மெதுவாக ரத்தம் கசிகிறதா என்று தேடியாக வேண்டும். மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் புற்றுநோயைக்கூடத் தவறவிட நேரலாம்.

இனி ரத்தக் குழாய்க்கு வருவோம். இரண்டு கை கால்களும் ஒரே மாதிரி குளிர்ந்தால் பெரும்பாலும் இதுவரை சொன்னதுதான். ஒரு கால் மட்டும் மற்றதைவிடக் குளிர்ந்திருந்தால் குழாய் அடைப்பை நினைக்க வேண்டும். புறங்கையை வைத்து இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். அடுத்து நாடி. பாதத்தின் மேற்புறம், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே இருந்து மேலே வரும் கோட்டில், நடுப்பாதத்தில் மூன்று விரல்களை மெல்ல வைத்தால் துடிப்பு தெரியும். உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் ஒன்று உண்டு. மேல்பாத நாடி சிலருக்குப் பிறவியிலேயே தொட்டால் தெரியாது, ஆகவே இரண்டு இடத்தையும், இரண்டு காலையும் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர், சர்க்கரை நோயாளி, கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நின்றதும் விடுகிறவர், இவர்களுக்கு நாடி மங்கலாக இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து கணுக்காலுடையதைக் கையினுடையதால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வருவது அடைப்பின் அடையாளம்.

குளிர்ந்த தண்ணீரில் கை வைத்ததும் விரல் வெளுத்து, பின் நீலமாகி, கடைசியில் சிவந்து குறுகுறுப்பது ரேனாட் நோய். 1862-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. நம் கருத்த தோலில் வெளுப்பு எளிதில் தெரியாது, உள்விரல் பக்கத்தையும் நகத்தையும் பாருங்கள். இளவயதில் தொடங்கி இரு கைகளிலும் வருவது பொதுவாகத் தீங்கில்லாதது. நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, விரல் நுனியில் புண் வந்தாலோ மூட்டு, தோல் சம்பந்தமான நோய்களைத் தேட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ அட்டெனோலால், புரோப்ரனோலால் சாப்பிடுகிறவர்களுக்கும் விரல் குளிரும். தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிகள் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். ‘கால் ஐஸாக இருக்கிறது’ என்பார்கள். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது நரம்பின் கோளாறு, ரத்தத்துடையது அல்ல. அவர்கள் காலை வெந்நீரில் வைக்கக் கூடாது, வெந்நீர்ப் பையும் கூடாது. சூடு தெரியாத தோல் வெந்துபோய்க் கொப்பளம் வந்து, அது புண்ணாகி விரலை எடுக்கும் நிலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பருத்தி சாக்ஸ் போதும்.

இதையெல்லாம் தாண்டி, ஒரு கால் அல்லது கை திடீரென்று குளிர்ந்து, வெளுத்து, வலித்து, நாடி காணாமல் போய், மரத்துப்போனால் காத்திருக்கக் கூடாது, நீவிவிடக் கூடாது, ஒத்தடம் கொடுக்கக் கூடாது. ரத்தக்கட்டி குழாயை அடைத்திருக்கலாம். கை காலைக் காப்பாற்றுவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் இருக்கும். ரத்தக் குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்ச் சேர வேண்டும்.