டயல் அடித்த வாட்ச்சும் அடிக்காத வாட்ச்சும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கும் திருவரங்குளத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நாற்பது வருடங்களுக்கு முன்பு ‘ஃபாரின் வாட்ச்’ என்றால் அநேகமாக சீக்கோ 5 தான். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தவர் பெட்டியில் அது இருக்கும். அண்ணனுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று, பணமுடை வந்தால் விற்க ஒன்று. உள்ளூரில் கிடைத்தது எச்எம்டி. 1961ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த அரசுத் தொழிற்சாலை அது. ஓசூரில் டைட்டன் தயாரிப்பு தொடங்கியது 1987ல். அதுவரை சாவி கொடுக்காமல் ஓடி, கிழமையும் தேதியும் ஒரே கட்டத்தில் காட்டுகிற வாட்ச் வேண்டுமென்றால் பலரும் கடல் கடந்து போய்வந்தவரைத்தான் கேட்டார்கள்.

அன்று அதற்கு விலை சொன்ன விதம் எளிது. யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, டயல் பளிச்சென்று இருக்கிறதா, அவ்வளவுதான். பின்மூடியில் இருக்கும் எண்களை யாரும் படித்ததில்லை. டயல் மங்கிவிட்டால் வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்தால் போதும். பழைய பெயின்ட்டைச் சுரண்டி, புதிதாக நிறமடித்து, எழுத்தை மறுபடி அச்சிட்டு வாங்கித் தருவார்கள். ‘டயல் அடித்த’ வாட்ச்சுக்கு அன்று கூடுதல் மதிப்பு. அது ஏமாற்று வேலையும் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி பராமரிப்பு.

இன்று அதே டயல்தான் விலையைக் கீழே இழுக்கிறது. பழைய சீக்கோவைத் தேடி வாங்குகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்காகவே, கம்பெனி அந்த மாடலுக்கு ஒருநாளும் விடாத நிறங்களில் டயல் அடித்த வாட்ச்சுகள் போனில் வரும் விளம்பரங்களில் கொட்டிக் கிடக்கின்றன. உள்ளே பழைய மெஷின் ஒன்று இருக்கும், அது உண்மை. ஆனால் டயல் ஒரு வாட்ச்சினுடையது, கேஸ் இன்னொன்றினுடையது, முள் மூன்றாவதினுடையது. அதனால் விலை பேசுவதற்கு முன் வாட்ச்சைப் படிக்க வேண்டியிருக்கிறது. படிப்பதும் டயலில் ஆரம்பிக்கக் கூடாது, பின்மூடியில் ஆரம்பிக்க வேண்டும்.

ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். பின்மூடியில் 7009 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு, மேலும் நான்கு எழுத்துகள் இருக்கின்றன. முதல் நான்கு இலக்கம் மெஷினின் எண். கோட்டுக்குப் பின்னால் வருவது கேஸின் எண். தனியாக ஆறு இலக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது 53 என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அதாவது 5ல் முடியும் ஒரு வருடத்தின் மார்ச் மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு எண்ணுக்குப் பதிலாக ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்து வரும்.

எந்தப் பத்தாண்டு என்பதை அந்த எண் சொல்லாது. மெஷின்தான் சொல்லும். 7009 எழுபதுகளின் பிற்பகுதியில் வந்து, தொண்ணூறுகளின் நடுவில் 7எஸ்26 வந்ததும் ஒதுங்கிய மெஷின். ஆகவே இது 1985 ஆகவோ 1995 ஆகவோ இருக்கலாம். ‘அப்பா 86ல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கட்டியிருந்தார்’ என்று வீட்டில் சொன்னால் 1985 மார்ச் என்று முடித்துவிடலாம். ‘அப்பா 80லேயே கொண்டுவந்தார்’ என்று விற்பவர் சொன்னால், பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பின்மூடியை யாரோ மாற்றியிருக்கலாம்.

அடுத்து டயல். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸ் போட்டு ஆறு மணிக்குக் கீழே, ஓரத்தில் பாருங்கள். மயிரிழை எழுத்தில் ஒரு எண் இருக்கும். அதுவும் 7009ல்தான் தொடங்க வேண்டும். பின்னால் வரும் எழுத்துகள் கேஸ் எண்ணோடு அப்படியே பொருந்த வேண்டியதில்லை, முன்னெண் பொருந்தாவிட்டால் அது வேறு வாட்ச்சின் டயல். எண்ணே இல்லாவிட்டாலோ, இங்க் ஊறிப்போய்த் தடித்திருந்தாலோ டயல் அடித்தது. தேதிக் கட்டத்தின் விளிம்பையும் பார்க்க வேண்டும். ஒரிஜினலில் அந்த விளிம்பு கூர்மையாக இருக்கும், அடித்ததில் பெயின்ட் வழிந்து உருண்டிருக்கும். நிமிடக் கோடுகள் ஒட்டியிருக்கும் மணிக்கட்டைகளுக்கு நேரே வராமல் சற்று விலகி நிற்பதும் அடித்த டயலின் அடையாளம்.

இதற்கு மாறாக, டயலின் ஓரம் மட்டும் பழுப்பேறி, முள்ளில் இருக்கும் ஒளிரும் பூச்சும் அதே பழுப்பில் இருந்தால் சந்தோஷப்படுங்கள். டயலும் முள்ளும் ஒன்றாக வயதாகியிருக்கின்றன. அன்று கடைக்காரர் ‘இதை அடிச்சிடலாம் சார்’ என்று சொல்லியிருக்கக்கூடிய டயல் அதுதான்.

கிழமைச் சக்கரமும் பேசும். ஆங்கிலத்தோடு அரபி இருந்தால் வளைகுடாச் சந்தைக்குப் போன வாட்ச்சாக இருக்கலாம். சீனம் இருந்தால் சிங்கப்பூர் பக்கம். வீட்டில் சொல்லும் கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் சக்கரத்தையும் மாற்றலாம் என்பதால் இதை மட்டும் நம்பி விலை சொல்லக் கூடாது.

சாவி நான்கு மணி இடத்தில், கேஸுக்குள் பாதி பதுங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் வேறு சாவி போட்டிருக்கிறார்கள், அந்த வழியாக வியர்வை உள்ளே போயிருக்கும். புதுக்கோட்டை வெயிலில் இருபது முப்பது வருடம் கையில் கிடந்த வாட்ச்சில் இது சின்ன விஷயமில்லை. 7009க்குச் சாவியைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, கை அசைவில்தான் ஏறும். ‘சாவி கொடுத்தா ஓடும்’ என்று விற்பவர் திருகிக் காட்டினால் உள்ளே இருப்பது 7009 இல்லை. சாவியை முதல் படிக்கு இழுத்து ஒரு பக்கம் திருப்பினால் தேதியும் மறுபக்கம் திருப்பினால் கிழமையும் மாற வேண்டும். மாறாவிட்டால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது.

கடைசியாகப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். மெஷினில் பொறித்திருக்கும் எண்ணும் 7009 ஆக இருந்து, திருகாணிகளின் தலை சிதையாமல், துரு இல்லாமல் இருந்தால் பேரத்தைத் தொடங்கலாம்.

விலைக்கு நான் போடும் கணக்கு இப்படி. எல்லாம் ஒரிஜினலாக, சர்வீஸ் செய்து ஒழுங்காக ஓடும் இதே மாதிரி வாட்ச் எவ்வளவுக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். கேட்ட விலை கணக்கில் வராது, கைமாறிய விலை மட்டும்தான். அது 4,500 ரூபாய் என்று வைப்போம். நம் வாட்ச் ஓடுகிறது, ஆனால் சர்வீஸ் ஆகவில்லை. அதற்கு 1,200 கழியுங்கள். சாவி மாற்று, அதற்கு 300. மீதி 3,000. டயல் ஒரிஜினல் என்றால் அதைக் கொடுக்கலாம். டயல் அடித்தது என்று தெரிந்தால் நான் அதில் பாதிக்கு மேல் போகமாட்டேன். ஒரிஜினல் டயல் தனியாகத் தேடிக் கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் அதன் விலை மிச்சத்தைத் தின்றுவிடும். கேஸை பாலிஷ் போட்டு விளிம்பெல்லாம் மழுங்கி, பின்மூடி எழுத்து பாதி அழிந்திருந்தால் இன்னும் இறங்க வேண்டும். தேய்ந்த உலோகத்தைத் திரும்ப வைக்க எந்தக் கடையாலும் முடியாது.

எச்எம்டி கைக்கடிகாரத் தொழிற்சாலைகளை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. 7எஸ்26 இருந்த இடத்தில் இப்போது சீக்கோ 5 வரிசையில் 4ஆர்36 மெஷின் வருகிறது. ஆகவே வீட்டுப் பீரோவில் கிடக்கும் பழைய வாட்ச்சுக்கு மாற்று இனித் தயாராகப் போவதில்லை. அதை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ‘மெஷினை மட்டும் சர்வீஸ் பண்ணுங்க, டயலைத் தொடாதீங்க, கேஸுக்குப் பாலிஷ் வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் டயலையும் பின்மூடி எண்களையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.