கதவை நெருக்கும் 324 டன்

2024 ஆகஸ்ட் 10 இரவு, கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் சங்கிலி அறுந்து 19ஆம் எண் மதகுக் கதவு அடித்துச் செல்லப்பட்டது. அகலம் 60 அடி, உயரம் 20 அடி. ஏறத்தாழ 18க்கு 6 மீட்டர்.

அத்தகைய கதவின் மேல்விளிம்பு வரை நீர் நின்றால் எவ்வளவு விசை?

நீர்மட்டத்தில் நீரின் அழுத்தம் சுழி. ஆழத்தோடு சீராக ஏறி, 6 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 6 டன் ஆகிறது. சராசரி 3 டன். பரப்பு 108 சதுர மீட்டர். பெருக்கினால் 324 டன்.

நீர் பாதியாக இறங்கினால் சராசரி அழுத்தமும் நனையும் பரப்பும் பாதியாகும். எனவே விசை கால்பங்கு, 81 டன்தான்.

அழுத்தம் அடியில் மிகுதி என்பதால், நிறைநீரின் மொத்த விசை கதவின் நடுவில் அல்ல, அடியிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது. கீழ்ப்பகுதிக்கே அதிக வலு தேவை.