மறைந்த பாட்டனாரின் எண்ணெய் வண்ண உருவப்படம்

மறைந்த பெரியோரின் உருவப்படத்தை வீட்டின் முன்னறையில் மாலை சூட்டி வைத்தல் நம்மவர் வழக்கம். ஆயின், 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களிலே இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் புகைப்படத் தொகுப்புக்கள் எஞ்சவில்லை. எஞ்சியது பெரும்பாலும் ஒன்றே: 1972 முதல் வழங்கப்பட்டுவந்த தேசிய அடையாள அட்டை. சோதனைச் சாவடிகளைக் கடக்க அது இன்றியமையாததாகலின், எதனை இழந்தாலும் அதனை மடியில் முடிந்துகொண்டனர். அதிலுள்ள சிறிய கறுப்பு வெள்ளைப் படமே ஓவியனுக்குக் கிடைக்கும் மூலம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆடவர் பலர் ஒரே அட்டையைப் பல்லாண்டுகள் வைத்திருந்தனர். ஆகவே எழுபத்தைந்தில் மறைந்தவரின் படம் அவரது நாற்பதாம் வயதினதாக இருத்தல் கூடும். படத்திலே மீசை கரியது. பேரப்பிள்ளைகள் அறிந்ததோ நரைத்த மீசை. படத்திற் கண்கள் விறைத்து நேரே நோக்குகின்றன. அவர்கள் நினைவிலுள்ள பார்வையோ கனிவானது. எவ்வயதினரை வரைவது என்பதைக் குடும்பத்தார் முதலிலேயே தீர்மானித்தல் நன்று. மகன் இளமைத் தோற்றத்தை வேண்ட, மனைவியார் கடைசிக் காலத் தோற்றத்தை வேண்டுதல் அரிதன்று.

முதுமைத் தோற்றமே வேண்டப்பட்டதென்று கொள்வோம். முகத்தில் மாறுவன எவை, மாறாதன எவை என்று பிரித்தறிதலே முதற்பணி. கண்களுக்கிடையேயுள்ள தூரம், புருவச் சரிவு, மூக்குத் தண்டின் அமைப்பு ஆகியன பெரிதும் மாறுவதில்லை. இவற்றை அட்டைப் படத்தைப் பெருப்பித்துக் கட்டமிட்டு அப்படியே எடுத்தல் வேண்டும். கன்னம் ஒடுங்கும், மேலிமை தாழும், மேலுதடு மெலியும். நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படம் சொல்லாதாகலின், மகனையோ சகோதரரையோ பகல் வெளிச்சத்தில் இருத்தித் தோல் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அவருடைய மூக்கையும் வாயையும் பார்க்கத் தொடங்கினால், படத்தில் மகனே வந்து அமர்ந்துவிடுவார்!

பதினாறுக்கு இருபது அங்குலத் திரைச்சீலை போதுமானது. தலை இயற்கையளவினும் சற்றுச் சிறிதாக அமைதல் நலம். பெரிதானால் பார்ப்போரை அச்சுறுத்தும். கபில நிறத்தை டர்ப்பன்டைனில் மெல்லிதாய்க் கரைத்து, ஒளியையும் நிழலையும் முதலில் இட்டு உலரவிடுவர். அதன்மேல் மஞ்சட்காவி, செங்காவி, வெள்ளை, நிழலுக்குச் சிறிது நீலம் என்பன கலந்த தோல் நிறங்கள் வரும். கீழ்ப்படையிற் குறைவாகவும் மேற்படையிற் கூடுதலாகவும் ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பர். மாறாகச் செய்தால் நாளடைவில் மேற்பூச்சு வெடிக்கும். மென்மை என்பது வண்ணத்தை நீர்த்துப்போகச் செய்வதன்று. ஈரம் காயுமுன் உலர்ந்த மென்தூரிகையால் விளிம்புகளை இலேசாகத் தடவிக் கரைப்பதே அது.

மீசையிலேதான் பலரும் தவறுவர். மயிர் மயிராக வரையத் தொடங்கினால் அது நாடக வேடக்காரரின் ஒட்டுமீசையாகிவிடும். முதலில் அதனை ஒரே திரளாகச் சாம்பல் நிறத்தில் இடவேண்டும். நரைத்த மீசையிலும் தூய வெள்ளை மிகக் குறைவே. மேல்விளிம்பு தோலோடு கலந்து கரைய, கீழே உதட்டின்மீது மெல்லிய நிழல் விழவேண்டும். இறுதியில் ஒளிபடும் பக்கத்தில் மட்டும் ஏழெட்டு மயிர்க்கோடுகள் போதும். வடிவத்தை அட்டைப் படத்திலிருந்தே கொள்க. இடப்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தால் தாழ்ந்தே இருக்கட்டும். இருபுறமும் சமமாக்கினால் யாரோ ஒருவரின் மீசையாகும்.

கனிவு, பாவையில் இல்லை, இமையில் உள்ளது. புகைப்படக்காரர் முன் நிமிர்ந்திருந்தவரின் மேலிமை உயர்ந்திருக்கும். அதனை ஒரு நூலளவு தாழ்த்திக் கருவிழியின் மேல்விளிம்பை மறைத்து, கீழிமையைச் சற்றே உயர்த்தினால் பார்வை இளகும். இன்னும் தாழ்த்தினாலோ தூக்கக்கலக்கம் தோன்றும். விழிவெண்மையைச் சாம்பல் கலந்தே தீட்டவேண்டும். ஒளிப்புள்ளி இரு கண்களிலும் ஒரே பக்கத்தில், மிகச் சிறியதாய் அமைய வேண்டும்.

படத்தைக் கண்ணாடியிற் பிரதிபலிக்கச் செய்து நோக்கினால், வரைந்தவர் கண்ணுக்குப் பழகிப்போன கோணல் உடனே புலப்படும். பின்னர், வாய்திறந்து எதுவும் சொல்லாமல் குடும்பத்தாரிடம் காட்டுதல் வேண்டும். “நல்லாய் இருக்கு” என்பது நற்சொல்லன்று. “அப்பப்பா என்னைத்தான் பார்க்கிறார்” என்று பேத்தி சொன்னால் இமை சரியென்க.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு இவ்வோவியம் ஆயத்தமாகாது. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே ஒவ்வொரு படையும் பல நாள் கொள்ளும். மேற்பூச்சு வார்னிஷ் இடுவதற்கு ஆறு மாதமேனும் செல்லவேண்டும். ஆகவே ஆட்டைத் திவசத்தைக் குறித்து ஒப்படைப்பதே முறை. மாரியில் ஈரமூறும் சுவரிற் சீலை படாதவாறு, சட்டத்தின் பின்புறம் மரக்கட்டை வைத்து இடைவெளி விடுக. ஈரமாலை சட்டத்தில் மட்டுமே தொங்கட்டும். விளக்கையும் கர்ப்பூரத் தட்டையும் படத்தின் நேர்கீழே வைத்தால், முதலிற் கறுப்பது அந்த நரைத்த மீசையே.