6 மதிப்பெண்ணுக்கு லாக் ஓபரான்: விடையைக் கட்டுவது எப்படி?

மரபணு ஒழுங்குபாடு என்றதும் தேர்வுத்தாளில் பெரும்பாலும் வந்து நிற்பது லாக் ஓபரான்தான். பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கத் தேவையான நொதிகளை எ.கோலை பாக்டீரியா எப்போது உருவாக்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்பதே அதன் கதை. பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1961-இல் இதை வெளியிட்டார்கள். 1965-இல் ஆந்த்ரே லுவாஃபுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்கள். இங்கிலாந்தின் ஓ.சி.ஆர் வாரியம் நடத்தும் ஏ லெவல் உயிரியல் தேர்வில் இந்தப் பகுதி பாடத்திட்டத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அங்கே 6 மதிப்பெண்ணுக்குக் கேட்கப்படும் நெடுவினா வழக்கமான வினா அல்ல. அதைத் திருத்தும் முறையே வேறு.

சிறு வினாக்களில் ஒரு சரியான கருத்துக்கு ஒரு மதிப்பெண் என்று எண்ணிப் போடுவார்கள். உடுக்குறி இட்ட நெடுவினாவில் அப்படி எண்ணுவதில்லை. திருத்துபவர் விடை முழுவதையும் படித்துவிட்டு, அது மூன்று நிலைகளில் எதில் சேரும் என்று முதலில் முடிவு செய்கிறார். 1–2 மதிப்பெண் முதல் நிலை, 3–4 இரண்டாம் நிலை, 5–6 மூன்றாம் நிலை. நிலையைத் தீர்மானிப்பது அறிவியல் உள்ளடக்கம். அந்த நிலைக்குள் மேல் மதிப்பெண்ணா, கீழ் மதிப்பெண்ணா என்பதை, விடை ஒன்றன்பின் ஒன்றாகத் தர்க்கத்தோடு செல்கிறதா என்பது தீர்மானிக்கிறது. ஆகவே பத்துச் சரியான வாக்கியங்களைத் தொடர்பில்லாமல் அடுக்கினாலும் மேல் மதிப்பெண் கிடைப்பது உறுதியில்லை. நேரமும் குறைவு: 100 மதிப்பெண் தாளுக்கு 2 மணி 15 நிமிடம் என்பதால், 6 மதிப்பெண் விடைக்குச் சுமார் 8 நிமிடம்தான் கிடைக்கும்.

மாதிரிக்கு ஒரு வினாவை எடுத்துக்கொள்ளலாம். குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த கரைசலில் எ.கோலை வளர்க்கப்படுகிறது. செல்களின் எண்ணிக்கை முதலில் வேகமாக ஏறுகிறது. 150-ஆவது நிமிடத்திலிருந்து 190-ஆவது நிமிடம் வரை ஏறாமல் நிற்கிறது. பிறகு முன்பைவிட மெதுவாக மீண்டும் ஏறுகிறது. பீட்டா கேலக்டோசிடேஸ் நொதி 150-ஆவது நிமிடம் வரை மிகக் குறைவாக இருந்து, அதன்பின் கூடுகிறது. மரபணு ஒழுங்குபாட்டைக் கொண்டு இந்த முடிவுகளை விளக்க வேண்டும். எண்கள் மாதிரிக்காகத் தரப்பட்டவை. ஆனால் இப்படி இரண்டு கட்டமாக வளரும் போக்கு உண்மையானது. மோனோவை இந்த ஆய்வுக்குள் இழுத்து வந்ததே அதுதான்.

இந்த வினாவில் ஒரு பொறி இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கதை இது: லாக்டோஸ் இல்லாதபோது அடக்கிப் புரதம் ஆபரேட்டர் பகுதியில் ஒட்டிக்கொண்டு படியெடுத்தலைத் தடுக்கும், லாக்டோஸ் வந்ததும் அடக்கி விலகும். கதை சரிதான். ஆனால் இந்தக் கரைசலில் லாக்டோஸ் முதல் நிமிடத்திலிருந்தே இருக்கிறது. அப்படியானால் 150 நிமிடம் நொதி ஏன் கூடவில்லை? மனப்பாடக் கதையை அப்படியே எழுதியவரின் விடையில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்; இருந்தும் வினா கேட்டதற்கு அதில் பதில் இல்லை. அது இரண்டாம் நிலையைத் தாண்டுவது அரிது.

விடுபட்ட துண்டு குளுக்கோஸ். செல்லில் குளுக்கோஸ் போதுமான அளவு இருக்கும்போது சுழல் ஏ.எம்.பி என்ற சிறு மூலக்கூறின் அளவு தாழ்ந்திருக்கும். குளுக்கோஸ் தீர்ந்ததும் அது உயரும். உயர்ந்த சுழல் ஏ.எம்.பி, சி.ஆர்.பி என்ற புரதத்தோடு பிணைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து புரோமோட்டருக்குப் பக்கத்தில் டி.என்.ஏ-வில் ஒட்டி, ஆர்.என்.ஏ பாலிமரேஸ் அங்கே உறுதியாகப் பிணைய உதவுகின்றன. இந்த உதவி இல்லாவிட்டால், அடக்கி விலகியிருந்தாலும் படியெடுத்தல் மந்தமாகவே நடக்கும். அதாவது லாக் ஓபரான் முழு வேகத்தில் ஓட இரண்டு நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும்: லாக்டோஸ் இருக்க வேண்டும், குளுக்கோஸ் இருக்கக் கூடாது. எழுதத் தொடங்குமுன் விளிம்பில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் குறித்துவிட்டு, வினாவில் வரும் ஒவ்வொரு காலகட்டத்திலும் எது நிறைவேறியிருக்கிறது என்று பார்த்தாலே விடையின் வரிசை கிடைத்துவிடும். இதற்கு ஒரு நிமிடம் செலவிடலாம், வீண் இல்லை.

இங்கே ஒரு நுட்பம். குளுக்கோஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது, லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் பெர்மியேஸ் புரதத்தின் வேலையும் தடைபடுகிறது. ஆகவே வெளியே லாக்டோஸ் இருந்தும் உள்ளே அடக்கியை விலக்கப் போதுமான அளவு சேர்வதில்லை. இரண்டு கட்ட வளர்ச்சிக்குச் சுழல் ஏ.எம்.பி-யைவிட இதுவே பெரிய காரணம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பள்ளி அளவிலான விடைக்குச் சுழல் ஏ.எம்.பி விளக்கமே போதும். தெரிந்தவர் இதையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்தால் தவறில்லை, ஆனால் அதற்காக மற்றதைச் சுருக்கக் கூடாது.

இனி வாக்கியங்கள். நல்ல வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்கும்: எந்த மூலக்கூறு, எதில் ஒட்டுகிறது, அதனால் என்ன ஆகிறது. ‘லாக்டோஸ் மரபணுவை இயக்குகிறது’ என்ற வாக்கியத்தில் முதலும் முடிவும் இருக்கின்றன, நடுவில் நடந்தது இல்லை. திருத்துபவர் தேடுவது அந்த நடுப்பகுதியைத்தான். அதையே இப்படி எழுதலாம்: ‘லாக்டோஸ் அடக்கிப் புரதத்தோடு பிணைவதால் அதன் வடிவம் மாறுகிறது, வடிவம் மாறிய அடக்கியால் ஆபரேட்டரில் ஒட்டியிருக்க முடியாது, அதனால் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் படியெடுக்க வழி கிடைக்கிறது.’ உண்மையில் அடக்கியோடு பிணைவது லாக்டோஸிலிருந்து உண்டாகும் அல்லோலாக்டோஸ். இந்தப் பெயரை எழுதுவது நல்லது.

முழு விடை ஏறத்தாழ இப்படி அமையலாம்:

‘150 நிமிடம் வரை பாக்டீரியா குளுக்கோஸைச் சுவாசித்து வேகமாகப் பெருகுகிறது. குளுக்கோஸ் இருப்பதால் சுழல் ஏ.எம்.பி குறைவு. ஆகவே சி.ஆர்.பி டி.என்.ஏ-வில் ஒட்டவில்லை; ஆர்.என்.ஏ பாலிமரேஸ் புரோமோட்டரில் உறுதியாகப் பிணையவில்லை. லாக்டோஸ் இருந்தும் அமைப்பு மரபணுக்களின் படியெடுத்தல் மிகக் குறைவு. அதனால்தான் நொதியின் அளவும் தாழ்ந்திருக்கிறது. 150-ஆவது நிமிடத்தில் குளுக்கோஸ் தீர்கிறது. சுழல் ஏ.எம்.பி உயர்ந்து, சி.ஆர்.பி-யோடு பிணைந்து, பாலிமரேஸ் பிணைவதை வலுப்படுத்துகிறது. அல்லோலாக்டோஸ் அடக்கியோடு பிணைந்து அதன் வடிவத்தை மாற்ற, அடக்கி ஆபரேட்டரை விட்டு விலகுகிறது. லாக் இசட், லாக் ஒய் மரபணுக்கள் படியெடுக்கப்பட்டு பீட்டா கேலக்டோசிடேஸும் பெர்மியேஸும் உருவாகின்றன. போதுமான அளவு இவை உருவாக நேரம் பிடிப்பதால் 190-ஆவது நிமிடம் வரை வளர்ச்சி நிற்கிறது. பிறகு பெர்மியேஸ் லாக்டோஸை உள்ளே கொண்டுவருகிறது; பீட்டா கேலக்டோசிடேஸ் அதைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைக்கிறது; அவற்றைச் சுவாசித்து வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது.’

இந்த விடை ஓபரானின் பாகங்களை வரிசையாக அறிமுகப்படுத்தித் தொடங்கவில்லை. வரைபடத்தின் காலவரிசையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. ஒவ்வொரு பாகமும் அதன் வேலை வரும் இடத்தில்தான் பெயர் பெறுகிறது. வரைபடத்தின் மூன்று கட்டங்களுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. வளர்ச்சி நிற்கும் 40 நிமிடத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். முழு விடையையும் அரைகுறை விடையையும் பிரிப்பது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியம்தான்.

அடிக்கடி வரும் பிழைகள் சில. அடக்கி ஒட்டும் இடம் ஆபரேட்டர், பாலிமரேஸ் ஒட்டும் இடம் புரோமோட்டர். அவசரத்தில் இவை இடம் மாறும். அடக்கி ‘அழிகிறது’ என்றோ ‘இயல்பிழக்கிறது’ என்றோ எழுதக் கூடாது. அதன் வடிவம் மாறுகிறது, அவ்வளவுதான். லாக்டோஸ் தீர்ந்தால் அது திரும்பவும் ஆபரேட்டரில் ஒட்டும். அடக்கியை உருவாக்கும் லாக் ஐ மரபணு ஓபரானுக்கு வெளியே இருக்கிறது. அதற்குத் தனிப் புரோமோட்டர் உண்டு. ‘முற்றிலும் அணைந்திருக்கிறது’ என்ற சொல்லும் பொருந்தாது. அடக்கி ஒட்டியிருக்கும்போதும் எப்போதாவது ஒரு முறை படியெடுத்தல் நடந்துவிடுகிறது. அப்படிக் கசிந்து உருவான சில பெர்மியேஸ் மூலக்கூறுகள்தான் முதல் லாக்டோஸை உள்ளே கொண்டுவருகின்றன. அவை இல்லாவிட்டால் ஓபரானைத் தூண்டவே முடியாது.

வினா பாக்டீரியாவைப் பற்றியதா, மனித செல் போன்ற யூகேரியோட்டு செல்லைப் பற்றியதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது என்றால் ஓபரான் உதவாது. படியெடுத்தலுக்கு முன் படியெடுப்புக் காரணிகள், அதன்பின் முதல்நிலை எம்.ஆர்.என்.ஏ-விலிருந்து இன்ட்ரான்கள் நீக்கப்படுதல், புரதம் உருவான பிறகு அது செயலூக்கம் பெறுதல் என மூன்று மட்டங்களில் எழுத வேண்டும். ஒவ்வொரு மட்டத்துக்கும் பெயரோடு நிறுத்தாமல், என்ன ஒட்டி என்ன மாறுகிறது என்று இரண்டு வாக்கியமாவது தேவை. இங்கேயும் சுழல் ஏ.எம்.பி வரும், ஆனால் வேறு வேலைக்கு: பாக்டீரியாவில் அது சி.ஆர்.பி-யோடு பிணைந்து படியெடுத்தலைக் கூட்டுகிறது. யூகேரியோட்டில் புரதக் கைனேஸ் என்ற நொதியைச் செயல்பட வைக்கிறது. இரண்டையும் ஒரே விடையில் குழப்பியவருக்கு உள்ளடக்க நிலை சரியும்.

நேரம் போதாவிட்டால் எதை விடலாம் என்பதையும் முன்பே தீர்மானித்து வைக்கலாம். ஜேக்கப், மோனோ பெயர்களும் ஆண்டும் தேவையில்லை. லாக் ஏ மரபணுவும் அது தரும் டிரான்ஸ்அசிட்டிலேஸும் லாக்டோஸ் செரிப்பதற்கு இன்றியமையாதவை அல்ல, விட்டாலும் நட்டமில்லை. படம் வரைந்தால் அதன் பாகங்களுக்குப் பெயர் எழுத வேண்டும். பெயரில்லாத படத்துக்கு மதிப்பு இல்லை. அடக்கியின் வடிவ மாற்றம், சி.ஆர்.பி-யின் உதவி, வளர்ச்சி நின்றதற்கான காரணம் ஆகிய மூன்றையும் மட்டும் எந்த அவசரத்திலும் விடக் கூடாது.